கனெக்டர் பொருந்திவிட்டது, சென்சார் ஏன் வேலை செய்யவில்லை? மரை, பின், கோடிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஆலைகளில் சென்சாரும் பேனலும் பார்ப்பது என் தொழில். புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகளில்தான் பெரும்பாலான நாள் போகிறது. சென்சாரின் வாலில் திருகி மாட்டும் வட்டக் கனெக்டர் பற்றி ஆலைக்காரர்களும் எலக்ட்ரீஷியன்களும் என்னிடம் கேட்டவற்றை, அவர்கள் கேட்டபடியே கீழே வைத்திருக்கிறேன்.

“சென்சார் எம்18. எம்18 கேபிள் கொடுங்கள் என்றால் கடைக்காரர் அப்படி ஒன்று இல்லை என்கிறார். எதைப் பார்த்துக் கேட்க வேண்டும்?”

கடைக்காரர் சொல்வது சரி. எம்18 என்பது சென்சாரின் உடம்பு மரை. அதை வைத்துத்தான் தகட்டில் துளை போட்டு இரண்டு நட்டுக்கு நடுவே சென்சாரை நிறுத்துகிறோம். கேபிள் மாட்டுகிற மரை சென்சாரின் பின்புறம், தனியாக, சிறிதாக இருக்கும். எம்18 உடம்புக்கும் எம்30 உடம்புக்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் எம்12 மரைதான். சிறிய சென்சார்களில் எம்8 வரும்.

வெர்னியர் காலிபரை அந்தப் பின் மரையின் வெளிப்புறத்தில் வையுங்கள். 12 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவாக, 11.8 அல்லது 11.9 என்று காட்டினால் எம்12. எட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் எம்8. இரண்டிலும் மரைக்கு மரை இடைவெளி 1 மி.மீ.

அளந்த பிறகு இன்னும் மூன்று விவரங்கள் வேண்டும்: எத்தனை பின், தவறான கேபிளைத் தடுக்கும் கோடிங் எது, கேபிள் பக்கம் ஆணா பெண்ணா. சென்சாரில் பின் நீட்டிக்கொண்டிருக்கும், அது ஆண். அதில் மாட்டும் கேபிள் முனை பெண். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, சென்சாரின் பின்புறத்தை நேராகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கேபிள் வாங்க மதுரைக்கோ திருச்சிக்கோ போய்த் திரும்பினால் ஒரு நாள் வேலை கெடும். இரண்டாம் முறையும் போக நேர்ந்தால் ஆலை இன்னொரு நாள் நிற்கும்.

“காலிபரில் 12.6 காட்டுகிறது. எம்12 நட்டு ஏறவே மாட்டேன் என்கிறது. மரை கெட்டுவிட்டதா?”

மரை கெடவில்லை. அது அரை அங்குல மரை. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; ஓர் அங்குலத்துக்கு 20 சுற்று. அமெரிக்க முறையில் செய்த பழைய இயந்திரங்களில், மாறுமின் அழுத்தத்தில் ஓடும் சென்சார்களில் இது வரும். எம்12 நட்டு அதன்மேல் ஏறாது என்பதால் அந்தப் பக்கம் ஆபத்து இல்லை. ஏமாற்றுவது மறுபக்கம்தான். அரை அங்குல நட்டு, எம்12 மரையின்மேல் தொளதொளவென்று வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு சுற்றுப் பிடித்ததுபோல் இருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்படி ஆடினால் டேப் சுற்றி இறுக்காதீர்கள். உள்ளே வருவது 24 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள்.

“ஏ, பி, டி என்று எழுத்து போட்டிருக்கிறார்களே, அந்தக் கோடிங் என்பது என்ன?”

தவறான கேபிள் உள்ளே போகாமல் தடுக்கும் தடைதான் அது. ஏ-கோடிங் பெண் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நடுவில் உள்ள பிளாஸ்டிக் உருளையின் ஓரத்தில் ஒரு சிறிய பள்ளம் தெரியும். ஆண் முனையின் உள்சுவரில் அந்தப் பள்ளத்துக்குள் போகும்படி ஒரு சிறிய முகடு இருக்கும். முகடு பள்ளத்தில் உட்காரும் ஒரே ஒரு நிலையில்தான் பின்கள் துளைக்குள் இறங்கும். பி-கோடிங்கில் இது தலைகீழ்: பள்ளம் இருந்த பக்கம் முகடு, முகடு இருந்த பக்கம் பள்ளம். சி-கோடிங்கில் இரண்டு இடத்தில் தடை.

நம் ஊர் ஆலைகளில் கையில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஏ-கோடிங். 24 வோல்ட் நேர்மின் சென்சார், வால்வு, அளவுக் கருவி எல்லாம் இதில் வரும். பி என்பது ப்ரோஃபிபஸ் தகவல் கம்பிக்கு. சி, மாறுமின் சென்சாருக்கு. 24 வோல்ட் சென்சாரில் தெரியாமல் 230 வோல்ட் ஏறிவிடாமல் இருக்கத்தான் அதன் தடை வேறு. டி, நான்கு பின் ஈதர்நெட், நொடிக்கு 100 மெகாபிட் வரை. எக்ஸ், எட்டு பின் ஈதர்நெட், நொடிக்கு 10 கிகாபிட் வரை. எஸ், டி (ஆங்கிலத்தில் இருபதாவது எழுத்து), கே, எல் ஆகியவை மின்சாரமே கொண்டுபோகும் தடித்த பின் வகைகள். மோட்டார், விநியோகப் பெட்டி பக்கம் பார்க்கலாம்.

குழப்பம் வருவது ஏ-க்கும் ஈதர்நெட் டி-க்கும் நடுவில். இரண்டிலும் நான்கு பின், அதே மரை, அதே அளவு. இறங்கவில்லை என்று அழுத்தித் திருகினால் பிளாஸ்டிக் முகடு முறிந்துவிடும். முகடு முறிந்த கனெக்டரை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏற்றுக்கொள்ளும். அதன்பின் எந்தப் பின் எந்தத் துளையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அப்படி ஒன்று கையில் வந்தால் வெட்டி எறிந்துவிடுங்கள். அவசரத்துக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம்.

“சென்சாரில் நான்கு பின். கடையில் ஐந்து துளைக் கேபிள்தான் இருக்கிறது. போடலாமா?”

எம்12 ஏ-கோடிங் என்றால் போடலாம். நான்கு பின்கள் சதுரத்தின் நான்கு மூலையில் நிற்கும். ஐந்தாவது சதுரத்தின் நடுவில். நான்கு பின் சென்சாரில் நடு இடம் காலி, அவ்வளவுதான். கேபிளில் ஐந்தாவதாக வரும் சாம்பல் ஒயரை பேனலில் தொங்கவிடாமல் இன்சுலேஷன் செய்து மடக்கிவிடுங்கள்.

மறுபக்கம் நடக்காது. ஐந்து பின் சென்சாரில் நான்கு துளைக் கேபிளை ஏற்றினால் நடுப்பின் பிளாஸ்டிக்கில் முட்டி வளையும். எட்டுப் பின்னுக்கு அமைப்பே வேறு, அதற்கு எட்டுத்தான். எம்8-இல் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். சென்சாரில் எத்தனையோ அத்தனையே வாங்குங்கள்.

“படத்தில் ஒன்று, இரண்டு என்று இருக்கிறது. கனெக்டரைப் பார்த்தால் எது ஒன்று என்றே தெரியவில்லையே?”

முகடோ பள்ளமோ இருக்கும் இடத்தை மேலே வைத்துக்கொள்ளுங்கள். ஏ-கோடிங்கில் அது ஒன்றாம் பின்னுக்கும் இரண்டாம் பின்னுக்கும் நடுவில் வரும். ஆண் முனையை முகத்துக்கு நேரே பிடித்தால் வலப்பக்கம் மேலே ஒன்று, இடப்பக்கம் மேலே இரண்டு, அதன் கீழே மூன்று, வலப்பக்கம் கீழே நான்கு. அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. பெண் முனையைப் பார்க்கும்போது இது கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறி, கடிகார முள் திசையில் ஓடும்.

சென்சாரின் தாளில் அச்சிட்ட படம் ஆண் முனைக்கா பெண் முனைக்கா என்று பார்க்காமல் எண்ணினால் ஒன்றும் இரண்டும் இடம் மாறும், மூன்றும் நான்கும் இடம் மாறும். பின்னைக் கோடாகவோ புள்ளியாகவோ நிரப்பி வரைந்திருந்தால் ஆண், வெற்று வட்டமாக வரைந்திருந்தால் பெண் என்பது பொதுவான வழக்கம். சந்தேகம் இருந்தால் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில் துளைக்கும் ஒயர் நுனிக்கும் தொடர்பு பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

“அதே எம்12, அதே நான்கு பின், அதே ஏ-கோடிங். சென்சார் விளக்கும் எரிகிறது. பேனலுக்கு மட்டும் சிக்னல் வரவில்லை. சென்சார் போலியா?”

இந்தக் கேள்வி புதுவயல் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து வந்தது. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடித்தண்டில் ஓர் இரும்புத் துண்டு பற்றவைத்திருந்தார்கள். தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் அந்தத் துண்டு சென்சாரின் முகத்தைக் கடந்து போகும். சில நொடிகள் துடிப்பு வராவிட்டால் பெல்ட் வழுக்குகிறது என்று எடுத்துக்கொண்டு, பேனலுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி மோட்டாரை நிறுத்திவிடும். பழைய சென்சார் போய்விட்டது. புதியது மாட்டினார்கள். மோட்டார் ஓடத் தொடங்கிச் சில நொடிகளில் நின்றது. திரும்ப ஓட்டினார்கள், திரும்ப நின்றது.

நான் போனபோது ஆலையின் எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னார்: “அண்ணே, விளக்கு அடிக்கிறது பாருங்கள், சென்சார் நன்றாக இருக்கிறது. கேபிளும் போன மாதம்தான் மாற்றினோம்.” இரண்டும் உண்மை. சென்சாரும் நல்லது, கேபிளும் நல்லது. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை.

முதலில் பேனலில், ஒன்றாம் பின்னின் பழுப்பு ஒயருக்கும் மூன்றாம் பின்னின் நீல ஒயருக்கும் நடுவே பார்த்தோம். 24 வோல்ட் இருந்தது. நான்காம் பின்னின் கறுப்பு ஒயருக்கும் நீல ஒயருக்கும் நடுவே, சென்சார் முன் ஸ்பேனரைக் காட்டினாலும் எடுத்தாலும், ஒன்றும் மாறவில்லை. கேபிளைக் கழற்றி அதன் பெண் முனையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று துளைக்குள் தங்க நிறம் மின்னியது. இரண்டாம் துளை மட்டும் இருட்டாக இருந்தது. உள்ளே உலோகமே இல்லை. அது மூன்று ஒயர் கேபிள். ஒன்று, மூன்று, நான்கு மட்டும் ஒயருக்குப் போகிறது.

பிறகு உமித்தூசியைத் துடைத்துவிட்டு சென்சாரின் பக்கவாட்டில் இருந்த நகம் அளவு படத்தைப் படித்தோம். வெளியீடு இரண்டாம் பின்னில் வரைந்திருந்தது. நான்காம் பின் இருக்கிறது, ஆனால் உள்ளே எதனோடும் இணைக்கப்படவில்லை.

காரணம் இதுதான். மூன்று ஒயர் நேர்மின் சென்சாருக்கு ஐஇசி 60947-5-2 என்ற தரநிலை பின் இடங்களை வகுத்திருக்கிறது. ஒன்று நேர்முனை, மூன்று எதிர்முனை. இரும்பு எதிரே வந்தால் சிக்னல் தரும் வகை, அதாவது இயல்பில் திறந்தது, நான்காம் பின்னில் வெளிவரும். இரும்பு வந்தால் சிக்னலை நிறுத்தும் வகை, இயல்பில் மூடியது, இரண்டாம் பின்னில் வெளிவரும். பழைய சென்சார் முதல் வகை. கடையில் கொடுத்தது இரண்டாம் வகை. மாதிரி எண்ணில் கடைசியில் ஓர் எழுத்துத்தான் வேறு. மரையும் பின் எண்ணிக்கையும் கோடிங்கும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் எந்தத் தடையும் இல்லாமல் மாட்டிக்கொண்டது.

உறுதி செய்துகொள்ள, கையில் இருந்த நான்கு ஒயர் கேபிளை மாட்டி, இரண்டாம் பின்னின் வெள்ளை ஒயரை பிஎல்சியின் அதே உள்ளீட்டில் கொடுத்தோம். எதிரே ஒன்றும் இல்லாதபோது வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே 24-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. ஸ்பேனரைக் காட்டியதும் பூஜ்யத்துக்கு அருகே இறங்கியது. இந்த அளவை ஒயரை உள்ளீட்டில் இணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சுமை இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் ஒயரில் மல்டிமீட்டர் ஏதோ சில வோல்ட் காட்டி ஆளைக் குழப்பும்.

அந்த ஆலையில் இயல்பில் மூடிய சென்சாரையே விட்டுவிட்டேன். வேகம் பார்க்கும் வேலைக்குத் துடிப்பு மாறுகிறதா என்பதுதான் கணக்கு. அது மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்பது பொருட்டல்ல. ஒயர் அறுந்தாலும் துடிப்பு நின்று மோட்டார் நிற்கும். அதே சென்சாரைத் தொட்டியின் மட்டம் பார்க்கவோ கதவு மூடியதா என்று பார்க்கவோ போட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். அங்கே சிக்னலின் அர்த்தமே தலைகீழாகிவிடும்: நிறைந்த தொட்டியைக் காலி என்று பேனல் எடுத்துக்கொள்ளும்.

“மாற்றுச் சென்சார் வாங்கும்போது பிஎன்பி, என்பிஎன் என்கிறார்களே, அதையும் கனெக்டர் தடுக்காதா?”

தடுக்காது. இரண்டுக்கும் ஒரே மரை, ஒரே கோடிங், ஒரே பின் இடம். பிஎன்பி சென்சார் கறுப்பு ஒயரில் 24 வோல்ட்டைக் கொடுக்கும். என்பிஎன் சென்சார் கறுப்பு ஒயரை பூஜ்யத்துக்கு இழுக்கும். எதை எதிர்பார்த்து பிஎல்சி உள்ளீடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் வேண்டும். பழைய சென்சாரின் பக்கவாட்டுப் படத்தைக் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். ஆவி நெல் ஆலையில் ஈரமும் தூசியும் சேர்ந்து அந்த அச்சு சில ஆண்டில் மறைந்துபோகிறது.

“ஒயர் நிறத்தை நம்பி இணைக்கலாமா?”

நான்கு, ஐந்து பின் ஏ-கோடிங் ஆயத்தக் கேபிளில் பெரும்பாலும் நம்பலாம்: ஒன்று பழுப்பு, இரண்டு வெள்ளை, மூன்று நீலம், நான்கு கறுப்பு, ஐந்து சாம்பல். ஐந்தாவது சில கேபிளில் பச்சை-மஞ்சளாக வரும், அது எர்த்.

எட்டுப் பின்னுக்குப் போனதும் இந்தப் பழக்கமே கேடு செய்யும். அதில் ஒன்று வெள்ளை, இரண்டு பழுப்பு, மூன்று பச்சை, நான்கு மஞ்சள், ஐந்து சாம்பல், ஆறு இளஞ்சிவப்பு, ஏழு நீலம், எட்டு சிவப்பு. நீலம் என்றால் எதிர்முனை என்று கைப்பழக்கத்தில் இணைத்தால் ஏழாம் பின்னில் எதிர்முனை போய்விடும். பழுப்பு என்றால் நேர்முனை என்று கொடுத்தால் இரண்டாம் பின்னில் 24 வோல்ட் ஏறும். எட்டுப் பின் கருவிகள் விலை அதிகமானவை. அவற்றை இணைக்கும்போது நிறத்தைப் பார்க்காமல் தாளில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

“விளக்கு வைத்த கேபிள் நல்லதுதானே? தூரத்திலிருந்தே தெரியுமே.”

சென்சார் பிஎன்பி என்று உறுதியாகத் தெரிந்து, கேபிளும் பிஎன்பி விளக்குக் கேபிள் என்றால் நல்லது. விளக்கு நான்காம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவில் இருக்கும். என்பிஎன் சென்சாரில் அதையே போட்டால் காட்ட வேண்டியதைக் காட்டாது. 4 முதல் 20 மில்லிஆம்பியர் தரும் அளவுக் கருவியில் இதைப் போடவே கூடாது. சிக்னலில் ஒரு பங்கை விளக்கு குடித்துவிடும்; அளவு தவறாக வரும், கருவியைக் குறை சொல்வீர்கள்.

“புது இயந்திரத்தில் ஐஓ-லிங்க் பெட்டி வந்திருக்கிறது. பழைய சென்சாரை நான்கு ஒயர் கேபிளில் அதில் மாட்டலாமா?”

ஐஓ-லிங்க் என்பது சென்சாரும் பேனலும் ஒரே ஒயரில் தகவல் பேசிக்கொள்ளும் முறை. பெட்டியின் அந்தத் துளை ‘ஏ’ வகுப்பா ‘பி’ வகுப்பா என்று பாருங்கள். இது கோடிங் எழுத்து இல்லை. இரண்டு வகுப்பும் ஏ-கோடிங் எம்12-தான். ஏ வகுப்பில் ஒன்றும் மூன்றும் மின்சாரம், நான்கு தகவல். இரண்டாம் பின் கூடுதல் உள்ளீட்டுக்கோ வெளியீட்டுக்கோ விடப்பட்டிருக்கும். பி வகுப்பில் இரண்டும் ஐந்தும் தனி மின்சாரம். இரண்டாம் பின்னில் 24 வோல்ட் நிற்கிறது. உங்கள் சென்சார் இரண்டாம் பின்னில் வெளியீடு தருவதாக இருந்தால் அந்த வெளியீட்டின் மேலேயே 24 வோல்ட் போய் மோதும். பி வகுப்புத் துளையில் சாதாரணச் சென்சாரை மாட்டுவதாக இருந்தால் மூன்று ஒயர் கேபிளே பாதுகாப்பு. எலிவேட்டரில் தொல்லை கொடுத்த அதே கேபிள் இங்கே காப்பாற்றுகிறது.

“சரியான கேபிள் கிடைக்கும்வரை தற்காலிகமாக என்ன செய்யலாம்?”

ஸ்க்ரூ வைத்த தனிக் கனெக்டர் ஒன்றிரண்டை எப்போதும் கையிருப்பில் வையுங்கள். எம்12, ஏ-கோடிங், ஐந்து பின், பெண், நேர் வகை. ஐந்து துளை என்பதால் மூன்று, நான்கு பின் சென்சாருக்கும் அதுவே ஆகும். மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு ஸ்க்ரூவின் பக்கத்திலும் எண் பொறித்திருக்கும். ஒயரை எண் பார்த்து இணைக்கலாம். பின்பக்க ரப்பர் எந்தத் தடிமன் கேபிளைப் பிடிக்கும் என்று பார்த்து வாங்குங்கள். சிறிய வகை 4 முதல் 6 மி.மீ., பெரிய வகை 6 முதல் 8 மி.மீ. ஒல்லியான கேபிளைப் பெரிய வகையில் போட்டால் ரப்பர் பிடிக்காது, தண்ணீர் இறங்கும்.

“எவ்வளவு இறுக்க வேண்டும்? சிலர் இடுக்கி போட்டுத் திருகுகிறார்களே.”

எம்12-க்கு வழக்கமாக 0.6 நியூட்டன் மீட்டர். அது விரலால் நன்றாக இறுக்கி, அதற்கு மேல் சிறிதளவு. இடுக்கி போட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நசுங்கிக் கிழியும். சில சமயம் சென்சாரின் பின்புறமே சுழன்று உள் ஒயர் அறுந்துவிடும். கையால் லேசாக விட்டாலும் தொல்லைதான். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கு ஐபி67 என்று எழுதியிருப்பது இரண்டு முனையும் சேர்ந்து முழுதாக இறுகியிருக்கும்போது மட்டும்தான் உண்மை. நெல் அவிக்கும் தொட்டிப் பக்கம் அரைகுறையாக இறுக்கிய கனெக்டரைக் கழற்றினால் பின்களின் அடியில் பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். பச்சை பூத்த பின்னைச் சுரண்டிப் போட்டால் சில வாரம் ஓடும், பிறகு விட்டுவிட்டு வேலை செய்யும். அதை மாற்றிவிட வேண்டும். மாட்டாமல் காலியாக விட்ட துளைகளுக்கு மூடி போடுங்கள். எம்12 மூடி தனியாகவே கடையில் கிடைக்கிறது.